நிலத்தை விக்கப் போறது யாரு?

"திங்க் இன் இங்கிலீஷ்."

போன வாரம் ஒரு பொண்ணோட கட்டுரை நோட்டுல இந்த வரியைப் பாத்தேன். சிவப்பு மையில, ஓரத்துல, பெரிசா. அடியில ரெண்டு கோடு வேற. (எழுதினது நான் இல்ல. யாருன்னும் சொல்ல மாட்டேன். நல்ல மனுஷர்தான்.)

எனக்கு வந்த எரிச்சல் இருக்கே! அந்தப் பொண்ணு பன்னெண்டாவது வரைக்கும் தமிழ் மீடியம். வீட்ல தமிழ், பஸ்ல தமிழ், கனவுலயும் தமிழ். இந்த வரியைப் படிச்சிட்டு நாளைக்குக் காலையில எந்திரிச்சு இங்கிலீஷ்ல யோசிக்க ஆரம்பிச்சிருமா? அப்படி முடியும்னா அது எதுக்கு நம்ம கிளாஸ்ல வந்து உக்காரணும்?

சரி, கோவத்தை ஓரமா வெச்சிட்டு விஷயத்துக்கு வர்றேன்.

நான் ஒரு கலைக் கல்லூரியில முதலாமாண்டுப் பிள்ளைங்களுக்கு பகுதி 2 ஆங்கிலம் எடுக்கறேன். (பகுதி 1 தமிழ், பகுதி 2 ஆங்கிலம். கலை அறிவியல் கல்லூரியில படிச்சவங்களுக்கு இந்தக் கணக்கு தெரியும்.) கட்டுரை கட்டுக்கட்டா வரும். அதுல அடிக்கடி வர்ற ஒரு சங்கதியை மட்டும் இன்னிக்குப் பேசப் போறேன். அந்தப் பொண்ணு எழுதினதை அப்படியே இங்க போடறது நியாயமில்ல. அதனால கதையை மாத்திட்டேன், வாக்கிய அமைப்பை மட்டும் விட்டு வெச்சிருக்கேன்:

"மை ஃபாதர் டோல்ட் தட் ஐ வில் செல் தி லேண்ட். ஐ வாஸ் ஷாக்டு. மை மதர் ஆஸ்க்டு தட் வாட் வில் வீ டூ ஆஃப்டர் தட். ஹி டோல்ட் தட் டோன்ட் வொரி."

நமக்குப் புரியுது. அப்பா நிலத்தை விக்கப் போறாரு. பிள்ளைக்கு அதிர்ச்சி. அம்மா பதறுறாங்க. அப்பா சமாதானம் சொல்றாரு. அவ்வளவுதான்.

இப்ப தமிழே தெரியாத ஒருத்தர் இதைப் படிக்கிறதா நினைச்சுக்கோங்க. முதல் வரியில அவருக்கு என்ன கிடைக்கும்? "நீதான் நிலத்தை விப்பேன்னு அப்பா எங்கிட்ட சொன்னாரு." அதாவது விக்கப் போறது பிள்ளை! அடுத்த வரி "எனக்கு அதிர்ச்சி". அதுவும் கச்சிதமாப் பொருந்துது பாருங்க. பதினெட்டு வயசுப் பிள்ளை தலையில நிலத்தை விக்கிற பொறுப்பைக் கட்டினா அதிர்ச்சியா இருக்காதா? அந்த ஆளு சந்தேகமே இல்லாம தப்பான கதையைப் படிச்சிட்டுப் போயிருவாரு. ஒரு இடத்துலயும் தடுக்கி விழ மாட்டாரு.

இதனாலதான் இந்தத் தப்பு முக்கியம்னு சொல்றேன். "தி" விட்டுப்போனா படிக்கிறவருக்கு லேசா உறுத்தும், ஆனா புரிஞ்சிரும். இங்க உறுத்தவே உறுத்தாது. ஆளே மாறிடுறாங்க.

இது எங்க இருந்து வருது?

வரிக்கு வரி தமிழ்ல திருப்பிப் போட்டுப் பாருங்க. "எங்கப்பா நான் நிலத்தை விக்கப் போறேன்னு சொன்னாரு. அம்மா அதுக்கப்புறம் நாம என்ன செய்யறதுன்னு கேட்டாங்க. அவரு கவலைப்படாதன்னு சொன்னாரு." வழுக்கிக்கிட்டுப் போகுது. ஒரு குத்தம் சொல்ல முடியாது.

எல்லா வேலையும் அந்தக் குட்டி "னு" பாக்குது. எழுத்துத் தமிழ்ல "என்று". இது மாதிரி ஒரு ஆல்-இன்-ஆல் எங்க கிடைக்கும்? முன்னாடி எதை வேணா வைக்கலாம். செய்தி வைக்கலாம் (வரேன்னு சொன்னான்). கேள்வி வைக்கலாம் (எங்க போறேன்னு கேட்டான்). கட்டளை வைக்கலாம் (போன்னு சொன்னான்). சத்தம்கூட வைக்கலாம் (டமால்னு விழுந்தான்). வாயில இருந்து என்ன வந்துச்சோ அதை அப்படியே, ஆள் மாத்தாம, காலம் மாத்தாம, தூக்கி "னு"வுக்கு முன்னாடி வெச்சா வேலை முடிஞ்சது.

பிள்ளைங்க "னு"வுக்குச் சரியா "தட்"டைப் போடுறாங்க. அங்கதான் சிக்கல். இங்கிலீஷ் "தட்" செய்தியை மட்டும்தான் தாங்கும். கேள்வியைத் தாங்காது, கட்டளையைத் தாங்காது. செய்தியைத் தாங்கும்போதும் "நான்" யாருங்கறதைச் சொன்னவர் பக்கத்துல இருந்து எழுதறவர் பக்கத்துக்கு மாத்தச் சொல்லும்.

(தமிழ்லயும் குழப்பம் இல்லாம இல்ல. "அப்பா நான் விக்கணும்னு சொன்னாரு"ங்கறதை ரெண்டு விதமாவும் எடுத்துக்கலாம். ஆனா பேசும்போது குரலு, இழுவை, முன்னாடி என்ன பேசினோம் எல்லாம் சேர்ந்து காப்பாத்திரும். பேப்பருக்குக் குரல் கிடையாதே.)

ஒரு எச்சரிக்கையும் போட்டுடறேன். இதைத் தமிழ்ப் பிள்ளைங்களோட தனிச் சொத்துன்னு நினைச்சிராதீங்க. தெலுங்குல "அனி", மலையாளத்துல "என்னு", எல்லாம் இதே வேலைதான் பாக்குது. இந்திப் பக்கத்துல இருந்து வர்ற பிள்ளைங்களும் "டோல்ட் தட்" எழுதுறாங்க.

அப்ப எல்லாத் தப்புக்கும் தமிழ்தான் காரணமா?

இல்ல. இதைப் பிரிச்சுப் பாக்கறதுக்கு எங்கிட்ட ஒரு சின்னச் சோதனை இருக்கு. பிள்ளை எழுதின வாக்கியத்தை வார்த்தைக்கு வார்த்தை தமிழ்ல போடணும். இயல்பான தமிழா வந்தா, தமிழ்ல இருந்து வந்திருக்க வாய்ப்பு அதிகம். தமிழாவும் வரலைன்னா காரணத்தை வேற எங்கயாவது தேடணும்.

உதாரணத்துக்கு "மை சிஸ்டர் கோ டு ஸ்கூல்". தமிழ்ல போடுங்க: "எங்கக்கா ஸ்கூலுக்குப் போ". எந்தத் தமிழனாவது இப்படிப் பேசுவானா? நம்ம வினைச்சொல்லுல ஆணா பெண்ணா, ஒருத்தரா பலரா, மரியாதையா இல்லையா எல்லாமே ஒட்டிக்கிட்டு நிக்கும். இவ்வளவு ஒட்டுப்போட்டுப் பழகின பிள்ளை அந்த ஒத்தை "எஸ்"ஸை விடுதுன்னா அதுக்குத் தமிழைப் பழிக்க முடியாது. உலகத்துல எந்த மொழிக்காரங்க இங்கிலீஷ் படிச்சாலும் ரொம்ப நாளைக்கு இதை விட்டுக்கிட்டேதான் இருப்பாங்க. அதே மாதிரி "டிட் நாட் வென்ட்". அது படிச்ச இங்கிலீஷ் விதியை ரெண்டு தடவை போட்டதால வந்த வினை. தமிழ் பாவம்.

இந்தப் பிரிவினை எதுக்குன்னா, தமிழ்ல இருந்து வந்ததைத் தமிழை வெச்சே சரி பண்ணலாம். மத்ததுக்கு அந்த வழி உதவாது.

இப்ப நோட்டுல என்னதான் எழுதறது?

முதல்ல வழக்கமான வழி. எல்லாத்தையும் அடிச்சு, மேல சரியான வாக்கியத்தை எழுதிக் குடுக்கறது. நானும் செஞ்சு பாத்திருக்கேன். பிள்ளை அதை அழகா காப்பி பண்ணி, மார்ஜின் எல்லாம் போட்டு, திருப்பிக் குடுக்கும். அடுத்த கட்டுரையில மறுபடி "டோல்ட் தட் ஐ". திருத்தினது நான், காப்பியடிச்சது அது. நடுவுல யோசிக்கிறதுக்கு வேலையே இல்ல.

அப்புறம் குறியீட்டு முறை. காலத் தப்புக்கு ஒரு எழுத்து, இடைச்சொல் தப்புக்கு ஒரு எழுத்துன்னு ஒரு பட்டியல் குடுக்கறது. பயிற்சி வகுப்புல கேக்க நல்லா இருக்கும். நிஜத்துல பிள்ளைங்க பட்டியலைத் தொலைச்சிருவாங்க. தொலைக்காதவங்களும் "இது காலத் தப்பு"ன்னு தெரிஞ்சிக்கிட்டு முழிப்பாங்க. நோய்க்குப் பேர் சொன்னா குணமாயிடுமா?

இந்த இடத்துல ஆராய்ச்சிக்காரங்க சண்டையையும் சொல்லிடறேன். ஜான் ட்ரஸ்காட்னு ஒருத்தர் 1996-ல ஒரு கட்டுரை எழுதி, ரெண்டாம் மொழி எழுத்து வகுப்புல இலக்கணத் திருத்தமே வேண்டாம், பலன் இல்ல, கெடுதல்தான்னு போட்டு உடைச்சிட்டாரு. 1999-ல டேனா ஃபெரிஸ் பதில் எழுதினாங்க. எல்லாத் தப்பையும் ஒரே மூட்டையில கட்டாதீங்க, விதிக்குள்ள அடங்கற தப்பு வேற, அடங்காத தப்பு வேறங்கறது அவங்க கட்சி. நான் ஃபெரிஸ் பக்கம். ஆனா ட்ரஸ்காட் சொன்னதையும் பாதி நம்புவேன், ஏன்னா அந்த அழகா காப்பியடிச்ச நோட்டுங்களை நான் பாத்திருக்கேனே.

விதிக்குள்ள அடங்காததுன்னா? "ஐ சா எ ட்ரீம்" (கனவு கண்டேன்). "ஐ புட் எ ஃபோன் டு ஹிம்" (போன் போட்டேன்). இதுல போய் ஓரத்துல கேள்விக்குறி போட்டு "யோசி"ன்னு எழுதறது கொடுமை. யோசிச்சா வராதுங்க. கனவைக் காணலாமா கூடாதாங்கறதுக்கு விதி எங்க இருக்கு? நேரா சரியான வார்த்தையை எழுதிக் குடுத்துட்டுப் போயிடணும். "னு" சமாச்சாரம் அப்படி இல்ல. அதுக்கு விதி இருக்கு. பிள்ளை தானே கண்டுபிடிச்சுத் தானே திருத்திக்கலாம்.

அதனால நான் இப்ப செய்யறது இது. மேல சொன்ன பத்தியில மத்த எதையும் தொட மாட்டேன். முதல் வரியில "ஐ"க்குக் கீழ மட்டும் ஒரு கோடு. ஓரத்துல தமிழ்ல ஒரு கேள்வி: "நிலத்தை விக்கப் போறது யாரு?"

அவ்வளவுதான். (ஆமா, இங்கிலீஷ் நோட்டுல தமிழ்லதான் எழுதறேன். கேள்வி புரிஞ்சாத்தானே பதில் வரும்.)

நோட்டைத் தூக்கிக்கிட்டு ஒரு பிள்ளை வரும்.

"சார், அப்பாதான் சார் விக்கிறாரு."

"நீ எழுதினதுல ‘ஐ’ன்னு இருக்கேம்மா. அது யாரு?"

"அப்பா சார். அப்பா அப்படித்தானே சொன்னாரு, நான் விக்கிறேன்னு."

"சரி. அவரு வாயில இருந்து வந்ததை அப்படியே எழுதணும்னா இங்கிலீஷ்ல என்ன போடுவாங்க?"

கொஞ்ச நேரம் மேல பாத்துட்டு, "மேற்கோள் குறி சார்".

முதல் வைத்தியம் முடிஞ்சது! "தட்"டைத் தூக்கு, காற்புள்ளி போடு, மேற்கோள் குறி போடு, "டோல்ட்"டை "ஸெட்" ஆக்கு. "மை ஃபாதர் ஸெட், ‘ஐ வில் செல் தி லேண்ட்.’" அச்சு அசல் சரியான இங்கிலீஷ். பிள்ளை தமிழ்ல யோசிச்ச மாதிரியேதான் இருக்கு, ஒரு அணுவும் மாறல. அம்மா கேட்ட கேள்வியும் அப்படியே உள்ள போயிரும், அப்பாவோட "டோன்ட் வொரி"யும் போயிரும். கதை மாதிரி எழுதற கட்டுரையில இது இன்னும் உயிரோடவும் இருக்கும். தமிழ்ல யோசிக்கறது குத்தம்னு சொன்னவங்க இந்த இடத்துல கொஞ்சம் நின்னு பாக்கணும்.

ஆனா இதுக்கு ஒரு எல்லை உண்டு. "சமூக ஊடகம் நல்லதா கெட்டதா" மாதிரி வாதக் கட்டுரையில ஒவ்வொருத்தர் சொன்னதுக்கும் மேற்கோள் குறி போட்டுக்கிட்டு இருந்தா நாடக வசனம் மாதிரி ஆயிடும். அதுக்கு ரெண்டாவது வைத்தியம் வேணும்.

இதுக்கான மருந்து தமிழ்ப் பாடப் புத்தகத்துலயே கிடக்கு.

நேர்கூற்று, அயற்கூற்று. ஞாபகம் இருக்கா? ஸ்கூல்ல மதிப்பெண்ணுக்காகப் போட்டிருப்போம். "‘நான் நாளை வருவேன்’ என்று அண்ணன் கூறினான்" அப்படிங்கறதை மாத்தச் சொல்வாங்க. நாமளும் "தான் மறுநாள் வருவதாக அண்ணன் கூறினான்"னு மாத்துவோம். "நான்" போய் "தான்" வந்துச்சு. "நாளை" போய் "மறுநாள்" வந்துச்சு. "என்று" போய் "ஆக" வந்துச்சு. இங்கிலீஷ் கேக்கறது இதே மாத்தம்தான்! ஆளை மாத்து, நாளை மாத்து. கூடுதலா வினையோட காலத்தையும் ஒரு படி பின்னாடி தள்ளு, அவ்வளவுதான் வித்தியாசம்.

ஆனா இந்த ரெண்டும் ஒண்ணுன்னு பிள்ளைங்களுக்கு யாரும் சொன்னதில்ல. தமிழ் ஐயா அவர் வகுப்புல சொல்லிட்டுப் போயிட்டாரு. இங்கிலீஷ் மிஸ் அவங்க வகுப்புல "டைரக்ட், இன்டைரக்ட்"னு பலகையில ரெண்டு பத்தி பிரிச்சுப் போட்டாங்க. ஒரே சாமான் ரெண்டு அலமாரியில, ரெண்டு பேர்ல.

அதனால அடுத்து நான் சொல்றது: "இதை முதல்ல அயற்கூற்றுத் தமிழ்ல எழுதும்மா."

"தான் நிலத்தை விற்கப் போவதாக அப்பா கூறினார்."

"தான்னா இங்க யாரு?"

"அப்பா சார். அப்போ ‘ஹி’ சார்!"

"மை ஃபாதர் ஸெட் தட் ஹி வுட் செல் தி லேண்ட்." தானா வந்துருச்சு. "வுட்" உடனே வராது, "வில்"லுன்னுதான் எழுதும். அதை நான் அன்னிக்குப் பிடிக்க மாட்டேன். ஆள் மாறினா கதை மாறுது. "வில்" நின்னா யாரும் வழி தவறிப் போறதில்ல. பெரிய ஓட்டையை முதல்ல அடைப்போம்.

கட்டளைக்கு இன்னும் சுலபமான பாலம் இருக்கு. பேச்சுத் தமிழ்லயே இருக்கு. "கதவைச் சாத்துன்னு சொன்னாரு"ங்கறதை நாம இன்னொரு மாதிரியும் சொல்வோமே: "கதவைச் சாத்தச் சொன்னாரு". அந்த "சாத்த" இருக்கு பாருங்க, அதுதான் இங்கிலீஷோட "டு க்ளோஸ்". "என்னைக் கதவைச் சாத்தச் சொன்னாரு" அப்படின்னா "டோல்ட் மீ டு க்ளோஸ் தி டோர்". "என்னை"யைச் சேத்தா "மீ"யும் கூடவே வந்து உக்காந்துக்கும் (இல்லாட்டி "டோல்ட்"டுக்கு அப்புறம் யாருகிட்டன்னு சொல்லாமலே விட்டுருவாங்க).

இந்தப் பாலம் எதிர்மறையில இடிஞ்சிரும். "கவலைப்படாதன்னு சொன்னாரு"வை அவ்வளவு நேரா மாத்த முடியாது. பெரும்பாலும் "கவலைப்பட வேண்டாம்னு"தான் வரும், மறுபடி "னு". அதுக்கு "நாட் டு வொரி"ங்கறதை நேராவே சொல்லிக் குடுத்துடறேன். "ஹி டோல்ட் ஹர் நாட் டு வொரி." வேற வழி தெரியல.

கேள்விதான் கொஞ்சம் மல்லுக்கட்டும். ஆமா-இல்ல கேள்வியில ஒரு வசதி இருக்கு. "சாப்பிட்டியான்னு கேட்டாரு"ங்கறதை "நான் சாப்பிட்டேனான்னு கேட்டாரு"ன்னும் தமிழ்ல சொல்வோம். ரெண்டாவதுல ஆள் ஏற்கனவே மாறியாச்சு. கடைசியில இருக்கற அந்த "ஆ"வைத் தூக்கி முன்னாடி "இஃப்"பா வெச்சா முடிஞ்சது: "ஹி ஆஸ்க்டு இஃப் ஐ ஹேட் ஈட்டன்". ("ஹேட்"டையும் அன்னிக்கே எதிர்பார்க்காதீங்க.) என்ன, எங்க, எப்ப கேள்வியில "தட்"டை எடுத்துட்டு, "வில் வீ"யை "வீ வுட்"னு திருப்பணும். "மை மதர் ஆஸ்க்டு வாட் வீ வுட் டூ." இந்தத் திருப்பத்துக்குத் தமிழ்ல பாலம் இல்ல, ஏன்னா நாம கேள்வி கேக்கும்போது வார்த்தையை இடம் மாத்தறதே கிடையாது. பிள்ளைங்க பல வருஷம் கஷ்டப்பட்டுக் கேள்விக்குத் திருப்பிப் போடப் பழகி வெச்சிருக்காங்க. இப்ப "கேள்விதான், ஆனா திருப்பாதே"ன்னா அதுங்களுக்குக் கோவம் வருமா வராதா? நியாயமான கோவம். அதனால இதைக் கடைசிக் கட்டுரைகளுக்குன்னு ஒத்தி வெச்சிருவேன்.

அடுத்த கட்டுரை குடுக்கறதுக்கு முன்னாடி ஒரே ஒரு வேலை வைப்பேன். "ஸெட், டோல்ட், ஆஸ்க்டு, தாட் இந்த நாலு வார்த்தையையும் உன் கட்டுரையில தேடி வட்டம் போடு. ஒவ்வொரு வட்டத்துக்குப் பின்னாடியும் வர்ற ‘ஐ’, ‘வீ’, ‘யூ’ யாருன்னு பேர் எழுது." கட்டுரையை எழுதும்போது இதை நினைக்க வேண்டாம். எழுதி முடிச்ச பிறகு பாத்தாப் போதும். எழுதும்போதே "இங்கிலீஷ்ல யோசி"ன்னா பிள்ளை எழுதறதையே நிறுத்திரும், இல்லாட்டி நாலு வார்த்தையில முடிஞ்சிடற வாக்கியமாவே எழுதும். அது தப்பில்லாம இருக்கும். கூடவே ஒண்ணும் இல்லாமலும் இருக்கும்.

பலன் எப்படின்னு கேப்பீங்க. வட்டம் போட்டு வர்ற கட்டுரையில "ஐ" குழப்பம் நல்லாவே குறையுது. ஆனா பரீட்சையில, நேரம் ஓடும்போது, பழைய "டோல்ட் தட் ஐ" திரும்பி வந்துருது. தெரியாம எழுதறதுக்கும் அவசரத்துல எழுதறதுக்கும் வித்தியாசம் இருக்கு. இதைக் கார்டர்ங்கறவர் 1967-லயே பிரிச்சுச் சொல்லிட்டாரு. காட்டினா உடனே பிள்ளை தானே திருத்திக்கிட்டா அது அவசரம். காட்டியும் "எதுல சார் தப்பு?"ன்னு கேட்டா அது இன்னும் உள்ள இறங்கல. மறுபடி நிலத்தை விக்கப் போறது யாருன்னு கேக்கணும்.

இன்னொண்ணு. "டுடே இட்செல்ஃப்", "ஹி இஸ் தேர் ஒன்லி" மாதிரி வர்றதை (நம்ம "இன்னிக்கே", "அங்கதான்") நான் பெரும்பாலும் விட்டுருவேன். இந்தியாவுக்குள்ள எல்லாருக்கும் புரியுது, ஆபீஸ்லயும் இப்படித்தான் பேசிக்கிறாங்க. வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பக் கட்டுரை எழுதற பிள்ளைன்னா மட்டும் தனியாக் கூப்பிட்டுச் சொல்வேன். யாரு படிக்கப் போறாங்கங்கறதைப் பொறுத்துதான் எது தப்புன்னு முடிவாகுது. ஆனா "ஐ" யாருங்கற குழப்பம் எந்த ஊர்ல படிச்சாலும் குழப்பம்தான்.

கடைசியா ஒரு வேண்டுகோள், என்னை மாதிரி இங்கிலீஷ் எடுக்கறவங்களுக்கு. உங்க காலேஜ்ல, ஸ்கூல்ல, தமிழ் ஐயாவோ அம்மாவோ இருப்பாங்க. அயற்கூற்றுப் பாடம் எப்ப எடுக்கறீங்கன்னு ஒரு வார்த்தை கேளுங்க. அதே வாரத்துல நீங்களும் இதை எடுங்க, அவங்க குடுத்த அதே வாக்கியங்களை வெச்சே எடுங்க. இதுக்குச் செலவு ஒரு டீ. பாடத்திட்டக் கமிட்டி, சுற்றறிக்கை எதுவும் வேண்டாம். நான் எங்க தமிழ்த் துறையில கேட்டேன். "நீங்க எங்க புத்தகத்தைப் படிக்கிறீங்களா?"ன்னு சந்தேகமாப் பாத்தாங்க. அப்புறம் பயிற்சி வாக்கியங்களை மொத்தமாக் குடுத்துட்டாங்க.